மேல்வீட்டு பாத்ரூம் கசிவு: டீச்சருக்கு எழுதின லெட்டரும் பொறவு நடந்த வேலையும்

நாகர்கோவில்ல ஆறு வீடு உள்ள ஒரு பழைய அபார்ட்மெண்ட், நாங்க முதல் மாடி, எங்களுக்கு நேர் மேல ரிட்டயர்ட் ஆன ஒரு டீச்சரும் அவங்க மாமியாரும். எங்க பாத்ரூம் சீலிங்ல, குழாயெல்லாம் எறங்குற ஷாஃப்ட் பக்க மூலைல ஒரு மஞ்ச வட்டம் வந்து, பொறவு வெள்ளையா உப்பு பூத்து, மாசி மாசம் சொட்டவே ஆரம்பிச்சிட்டு. மாசிங்கிறத சும்மா சொல்லல. நம்ம மாவட்டத்துல இடவப்பாதி மழையும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, அதனால எந்த கசிவ காட்டினாலும் "மழைத்தண்ணியாக்கும்"னு சொல்லி முடிச்சிருவாங்க. மழையே எட்டிப்பாக்காத மாசத்துல சொட்டுதுன்னா வெளிச்சுவரு வழியா வர வாய்ப்பு கம்மி, அந்த ஒரு தகவல் மட்டுமே பாதி சண்டைய கொறைச்சிரும்.

வாய்ல ஒருதடவ சொல்லிப் பாத்தாச்சு, "எங்க பாத்ரூம் நல்லாத்தான மக்களே இருக்கு, தரை காஞ்சு கெடக்கு"ன்னாங்க. அவங்க சொன்னது பொய்யில்ல, மேல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, டைல்ஸ் பளபளன்னு இருக்கும். அதனாலதான் எழுதிக் குடுக்கலாம்னு முடிவு பண்ணினேன். ஆனா எழுதுறதுக்கு முன்னாடி கீழ செய்ய வேண்டியது கொஞ்சம் இருந்துது.

முதல்ல கரண்டு. சொட்டுற எடத்துக்கு ஒரு அடி தள்ளி லைட் பாயிண்ட், அதுக்கு உள்ள வயர் போற குழாய் ஸ்லாப் வழியாத்தான் போகுது, தண்ணி அந்த குழாய்க்குள்ள எறங்கி ஹோல்டர் வரைக்கும் வந்துரும். அந்த லைனுக்கு உள்ள பிரேக்கர ஆஃப் பண்ணி அதுமேல டேப்பும் ஒட்டியாச்சு, குளிக்கதுக்கு சார்ஜ் லைட்டு. அடுத்து, கறையோட ஓரத்த பென்சிலால சுத்தி வரைஞ்சு பக்கத்துல தேதி எழுதினேன், கொஞ்ச நாள் கழிச்சு கறை கோட்டத் தாண்டினா திரும்ப வரைஞ்சு அடுத்த தேதி. போட்டோ எடுத்தா வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறி காட்டும், பென்சில் கோடு ஏமாத்தாது. மூணாவது, சொட்டுற எடத்துக்கு நேர் கீழ ஒரு மக், ராத்திரி வச்சு காலைல மருந்து ஊத்துற அளவுக் கப்புல அளந்து ஒரு நோட்டுல எழுதினேன். இந்த மில்லிலிட்டர் கணக்குதான் பொறவு எல்லாத்தையும் முடிவு பண்ணிச்சு.

பெயிண்டர் ஒருத்தர் வந்து பாத்துட்டு கீழ இருந்து வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சா நின்னுரும்னார். நிக்காது. தண்ணி மேல இருந்து வருது, கீழ அடைச்சா ஸ்லாபுக்குள்ள நின்னு கம்பிய துருப்பிடிக்க வைக்கும், துரு இரும்ப விட பல மடங்கு எடம் பிடிக்கும், அது உப்பி கான்கிரீட்ட பேத்து தள்ளும். வேண்டாம்னு அனுப்பிட்டேன்.

லெட்டர்ல நான் முக்கியமா பாத்தது ரெண்டே விஷயம். காரணம் இன்னதுன்னு சொல்லக் கூடாது, ஏன்னா நமக்கே தெரியாது, "உங்க பாத்ரூம் லீக்"னு எழுதின நிமிஷமே அவங்க அத மறுக்க தொடங்கிருவாங்க. ரெண்டாவது, யாரு எதுக்கு பைசா குடுக்கணும்ங்கிறத ரிசல்ட் வாறதுக்கு முன்னாடியே பேசிரணும், காரணம் தெரிஞ்ச பொறவு பேசினா யாருக்கு நஷ்டமோ அவங்களுக்கு எந்த கணக்கும் நியாயமா படாது. எழுதினது இதுதான்:

"அன்புள்ள டீச்சருக்கு,

எங்கள் பாத்ரூம் சீலிங்கில் ஷாஃப்ட் பக்க மூலையில் சில வாரங்களாகத் தண்ணீர் சொட்டுகிறது. கறை எப்படிப் பெருகியது என்பதற்கு தேதி போட்ட படங்களும், தினமும் எவ்வளவு சொட்டுகிறது என்ற கணக்கும் இத்துடன் வைத்திருக்கிறேன். இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. உங்கள் தண்ணீர்க் குழாயாக இருக்கலாம், கழிவுக் குழாயாக இருக்கலாம், டைல்ஸ் இடுக்காக இருக்கலாம், ஷாஃப்டில் போகும் பொதுக் குழாயாகவும் இருக்கலாம். எங்கள் சுவரின் குறையாகக் கூட இருக்கலாம்.

உடைப்பதற்கு முன்னால், ஒன்றையும் உடைக்காமல் நாம் இரண்டு வீட்டாரும் சேர்ந்து சோதித்துப் பார்க்கலாமா? முதலில் அந்த பாத்ரூமை கொஞ்ச நாள் பயன்படுத்தாமல் காய விட வேண்டும், ஆனால் குழாய் வால்வைத் திறந்தே வைக்க வேண்டும். பிறகு தரைத் தண்ணீர் வடியும் ட்ராப்பிலும் கம்மோடிலும் மட்டும் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். கடைசியாக ட்ராப்பை அடைத்துத் தரையில் ஒரு இஞ்ச் தண்ணீர் தேக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் மேலேயும் கீழேயும் நாம் இருவரும் சேர்ந்து பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். அம்மாவுக்கு உங்கள் இன்னொரு பாத்ரூம் சிரமமாக இருந்தால் எங்கள் வீட்டில் உள்ளதை எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

செலவைப் பற்றி என் யோசனை: பிளம்பர், கொத்தனார் வந்து பார்க்கும் கூலி ஆளுக்குப் பாதி. காரணம் என் பக்கம் என்றால் முழுவதும் நானே தருகிறேன். பொதுக் குழாய் என்றால் அந்த லைனில் உள்ள எல்லா வீட்டாரிடமும் நாம் சேர்ந்து பேசுவோம். உங்கள் தரை என்றால் டைல்ஸ், ட்ராப், குழாய் உங்களுடையது. ஸ்லாப் உங்களுக்குத் தரை, எனக்குக் கூரை, ஆகவே அதன் மேல் பூசும் வாட்டர்ப்ரூஃபிங் பொருளும் கூலியும் ஆளுக்குப் பாதி. என் சீலிங் பூச்சும் பெயிண்டும் என் பொறுப்பு. இதற்குச் சம்மதிப்பதால் தவறு உங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது.

இடவப்பாதி மழைக்கு முன்னால் முடித்தால்தான் பூச்சு காயும். இந்த ஞாயிறு உங்களுக்கு வசதிப்படுமா? யோசனையில் மாற்றம் வேண்டுமானால் இந்தத் தாளிலேயே எழுதித் தாருங்கள்."

ரெண்டு காப்பி எடுத்து ஒண்ண கையில கொண்டு குடுத்தேன், அதையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்லயும் போட்டேன், பொறவு தேதி தேட வேண்டாம்லா. டீச்சர் படிச்சிட்டு, ரிட்டயர்ட் ஆனாலும் சிவப்பு பேனா போகல, ஒரு வரிய சேத்து தந்தாங்க: டைல்ஸ் உடைக்கதுக்கு முன்னாடி எந்த எடத்த, எத்தன அடின்னு ரெண்டு பேரும் பாத்து மார்க் பண்ணணும். நியாயமான வரி, நானே எழுதியிருக்கணும்போல இருந்துது. வாட்டர்ப்ரூஃபிங்ல பாதி ஏன் நீ குடுக்கேன்னு என் கூட்டுக்காரன் ஒருத்தன் சிரிச்சான். அந்த பாதி இல்லேன்னா அவங்களுக்கு டைல்ஸ் உடைக்க என்ன அவசரம், சொட்டுறது என் தலைலதான?

இப்பம் அந்த "காய விட" வேண்டிய சங்கதிக்கு வாறேன், கசிவு கேஸ்ல முக்காவாசி ஆளுங்க கொழம்புறது இங்கதான். நம்ம ஊர்ல அந்த காலத்துல கட்டின அபார்ட்மெண்ட்டுல பாத்ரூம் ஸ்லாப் மத்த எடத்த விட எறங்கி இருக்கும், சங்கன் ஸ்லாப்னு சொல்லுவாங்க, அந்த பள்ளத்துல குழாய ஓட்டிட்டு செங்கல் உடைசல போட்டு நிறைச்சு மேல டைல்ஸ் ஒட்டியிருப்பாங்க. டீச்சர் பாத்ரூம் அஞ்சுக்கு ஏழு, முப்பத்தஞ்சு சதுர அடி, பள்ளம் பத்து இஞ்ச்சுன்னு வச்சா சுமார் 29 கன அடி. செங்கல் உடைசல்ல கால்வாசிக்கு மேல, சுமாரா 30 சதவீதம், இடைவெளியாத்தான் இருக்கும்னு எடுத்தா 8.7 கன அடி, ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம், ஆக கிட்டத்தட்ட 250 லிட்டர் தண்ணி டைல்ஸ்க்கு அடியில கண்ணுக்கு தெரியாம நிக்கலாம். ஒரு சின்ன தொட்டிதான் அது. அதனால மேல குளிக்கது நிறுத்தின மறுநாளும் கீழ சொட்டும், அத பாத்துட்டு மேல்வீட்டுக்காரங்க "நாங்க பயன்படுத்தவே இல்ல, ஆனாலும் சொட்டுதுல்லா, அப்பம் எங்க தண்ணி இல்ல"ன்னு சொல்லுவாங்க, கீழ இருக்கவன் "குழாய்தான் உடைஞ்சிருக்கு"ன்னு கத்துவான். ரெண்டுமே அவசர முடிவு. அந்த தொட்டி வடியணும், வடியிறத அளக்கணும்.

வால்வ திறந்தே வைக்கச் சொன்னது அதுக்குத்தான். சுவத்துக்குள்ள போற தண்ணிக் குழாய்ல லீக் இருந்தா பாத்ரூம பூட்டிப் போட்டாலும் டேங்க் தண்ணி அழுத்தத்துல கசிஞ்சுகிட்டேதான் இருக்கும், சொட்டு கொறையவே கொறையாது. வால்வு திறந்திருக்கயிலேயே சொட்டு பைய பைய கொறைஞ்சா குழாய் நல்லா இருக்குன்னு அர்த்தம். கெய்சர் இன்லெட்டையும் திறந்து வச்சோம், இல்லேன்னா சுடுதண்ணி லைன் அழுத்தம் இல்லாம சோதனைக்கு வெளிய போயிரும். எங்க மக்ல முதல் ராத்திரி முந்நூறு மில்லி மாதிரி இருந்துது, அடுத்தது கொஞ்சம் கொறைஞ்சுது, அதுக்குப் பொறவு வேகமா எறங்கி ஒரு வாரம் தாண்டினப்ப மக் அடி நனையுற அளவுதான். டீச்சர் தெனமும் வந்து மக்க எட்டிப் பாத்து நோட்டுல கையெழுத்தும் போட்டாங்க. குழாய் இல்லைன்னு ரெண்டு பேருக்கும் தெளிவாச்சு, பிளம்பர் பம்ப் வச்சு அழுத்தம் பாக்க வேண்டிய வேலையும் மிச்சம். இதுவே சொட்டு கொறையாம நின்னிருந்தா அந்த பம்ப்தான் அடுத்த வேலை, அப்பவும் ரொம்ப ஏத்தக் கூடாது, மொட்டமாடி டேங்க்ல இருந்து வாற லைனுக்கு பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம்தான், பழைய குழாய்ல மூணு கிலோவுக்கு மேல ஏத்தினா இல்லாத லீக்க நாமளே உண்டாக்கிருவோம்.

அடுத்தது ட்ராப். அடுத்த பாத்ரூம்ல இருந்து ஓஸ் இழுத்து, தரை நனையாம நேரா நகானி ட்ராப் வாய்க்குள்ள விட்டு ஒருபாடு தண்ணி ஊத்தினோம், கேசரி பவுடர் கலந்த தண்ணி. கம்மோடையும் பலதடவ ஃப்ளஷ் பண்ணினோம். இங்க தரை நனையாம விடுறதுதான் முக்கியம், வாளில மொண்டு தரைல ஊத்தினா டைல்ஸ் இடுக்கா ட்ராப் ஜாயிண்ட்டான்னு கடைசி வரைக்கும் பிரிக்க முடியாது. மறுநாள் மக் காஞ்சு இருந்துது.

பொறவுதான் தண்ணி தேக்குறது. இத முதல்லயே செய்யலாம்னு எல்லாரும் சொல்லுவாங்க, செய்தா தொட்டி நிறைஞ்சு கீழ கொட்டும், ஆனா எதனாலன்னு தெரியாது. ட்ராப் வாய்ல பிளாஸ்டிக் கவருக்குள்ள துணிய சுருட்டி அடைச்சு மேல ஒரு கல்ல வச்சு, தரைல கேசரி பவுடர் கலந்த தண்ணி ஒரு இஞ்ச் நிறுத்தினோம், எண்பது லிட்டர் சொச்சம் ஆச்சு. சுவர் டைல்ஸ்ல பென்சில் கோடு. பக்கத்துலேயே ஒரு வாளிலயும் தண்ணி வச்சு அதுலயும் கோடு போட்டோம், ஏன்னா தரைத்தண்ணி கொறைஞ்சா "ஆவியா போச்சு"ன்னு ஒரு பேச்சு வரும், வாளி கொறையாம தரை மட்டும் கொறைஞ்சா அந்த பேச்சு எடுபடாது. மறுநாள் காலைல வாளி அப்பிடியே இருக்கு, தரை கால் இஞ்ச்சுக்கு மேல எறங்கிட்டு. மத்தியானம் எங்க சீலிங்ல சொட்டு. கலர் ரொம்ப லேசாத்தான் வந்துது, செங்கலும் சிமெண்ட்டும் பாதி சாயத்த பிடிச்சு வச்சிரும், கலர் வரலேங்கிறத மட்டும் வச்சு இல்லைன்னு சொல்லிரக் கூடாது. பிளம்பர் ஷாஃப்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சு பாத்தார், டீச்சர் வீட்டு கழிவுக் குழாய் சுவர தொளைச்சு வெளிய வாற எடத்துல குழாய சுத்தி ஈரம், அங்க இருந்து சுவரு வழியா எங்க மூலைக்கு கோடு மாதிரி நனைஞ்சு எறங்கியிருக்கு.

ஆக கதை இது. டைல்ஸ் இடுக்குல கிரவுட் போயி தண்ணி உள்ள எறங்குது, உள்ள வாட்டர்ப்ரூஃப் பூச்சு செத்துப் போச்சு, குழாய் வெளிய வாற ஓட்டைய கட்டினவங்க ஒழுங்கா அடைக்காததால அது வழியா வடியுது. டீச்சருக்கு உடைக்க மனசில்ல, இடுக்குல எபாக்சி கிரவுட் மட்டும் போட்டா போதாதான்னு கேட்டாங்க. இடுக்கு மட்டும் பழுது, அடி காஞ்சிருக்கு, சீலிங்ல கம்பி தெரியலேன்னா அத முதல்ல செய்து பாக்கலாம், தப்பில்ல. எங்க கேஸ்ல சீலிங் பூச்சு தட்டினா பொள்ளலா சத்தம் கேட்டுது, பேத்து பாத்தா கம்பி துரு. அத கையில எடுத்து காட்டினதும் அவங்களே சரின்னுட்டாங்க. முதல்ல ட்ராப்ப சுத்தி ரெண்டடிக்கு ரெண்டடி மட்டும் மார்க் பண்ணி உடைச்சோம், ஒரு வாரம் காஞ்ச பொறவு ஒரு தடவ தேக்கினதுக்கே உள்ள செங்கல் உடைசல் சொதசொதன்னு இருந்துது, அத பாத்த பொறவு முழுசா உடைக்க பேச்சே வேண்டி வரல.

கொத்தனார் நல்ல ஆளு, ஆனா பழைய உடைசலையே திரும்ப போட்டு நிறைக்கப் பாத்தார், அத மட்டும் விடக் கூடாது. ஸ்லாப் வரைக்கும் எல்லாத்தையும் வாரி, கழுவி காய விட்டு, குழாய் ஓட்டைய சுத்தி தட்டி எடுத்து சுருங்காத கிரவுட்டால அடைச்சோம். சுவரும் தரையும் சேருற மூலைய நேர் கோணமா விடாம சரிவா கலவை போட்டு உருட்டினார், பூச்சு மூலைலதான் முதல்ல கீறும். அதுமேல பவுடரும் பால் மாதிரி இருக்க திரவமும் கலக்குற ரெண்டு பார்ட் வாட்டர்ப்ரூஃப் பூச்சு, முதல் கோட் ஒரு திசை, அது எறுகின பொறவு ரெண்டாவது கோட் குறுக்கு திசை, சுவத்துல டைல்ஸ் மட்டத்துக்கு மேல ஒரு அடி, ஷவர் பக்கம் நெஞ்சு உயரம் வரை. காஞ்ச பொறவு டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடியே ரெண்டு நாள் திரும்ப தண்ணி தேக்கினோம், இதுக்கு நாள் இல்லேன்னு சொல்லுற ஆளுக்கு பைசா குடுக்காதீங்க. பள்ளத்தோட அடில இருந்து ஷாஃப்ட்டுக்கு ஒரு சின்ன குழாயும் விட்டாச்சு, நாளைக்கு எப்பமாவது உள்ள தண்ணி சேந்தா எங்க சீலிங்ல வாறதுக்கு முன்னாடி அங்க சொட்டி காட்டிக் குடுக்கும். பொறவு கனம் கொறைஞ்ச கான்கிரீட் போட்டு நிறைச்சு, மேல வாட்டம் பாத்து, ஆறு அடிக்கு ஒரு இஞ்ச் கணக்குல ட்ராப்ப நோக்கி எறக்கம், அதுமேலயும் ஒரு கோட் பூச்சு, பொறவு டைல்ஸ், இடுக்குல எபாக்சி.

செலவு லெட்டர்ல உள்ளபடியேதான். ஒரே ஒரு எடத்துல பேச்சு வந்துது, உடைசல் வாரிப் போட்ட வண்டிக் கூலி யாரு கணக்குன்னு லெட்டர்ல இல்ல. பாதி பாதி ஆக்கிட்டோம். நீங்க எழுதினா அத ஒரு வரி சேத்துக்கிடுங்க.

எங்க சீலிங்ல பொள்ளல் பூச்ச எல்லாம் தட்டி, கம்பிய வயர் பிரஷ் போட்டு தேய்ச்சு, துரு தடுக்குற பிரைமர் அடிச்சு, பாலிமர் கலந்த சாந்தால அடைச்சிருக்கு. பெயிண்ட் இன்னும் அடிக்கல. ஒரு சதுர பாலிதீன் துண்ட நாலு பக்கமும் டேப் போட்டு சீலிங்ல ஒட்டி ஒரு நாள் விட்டு பாத்தேன், உள்பக்கம் வேர்த்திருந்துது, ஸ்லாப்ல பழைய ஈரம் இன்னும் இருக்கு, உள்பக்கம் காஞ்சு இருந்தாத்தான் பெயிண்ட். இடவப்பாதி தொடங்கிட்டதால அது பைய்யத்தான் நடக்கும்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல பாதி வீட்டுக்கு சொந்தக்காரங்க கல்ஃப்ல இருப்பாங்க, மேல இருக்கது வாடகைக்காரங்க. அப்பிடின்னா இந்த லெட்டர்ல ரெண்டு மாத்தம் வேணும். லெட்டர் ஓனருக்குத்தான் போகணும், வாடகைக்காரங்களுக்கு ஒரு காப்பி, அவங்ககிட்ட கேக்க வேண்டியது நாள் ஒதுக்கித் தாறது மட்டும், செலவு பேச்சு அவங்ககிட்ட எடுக்கக் கூடாது. அடுத்து, சோதனைய ஓனர் சார்பா கூட நின்னு பாத்து கையெழுத்து போட அவங்க ஆளு ஒருத்தர் பேர லெட்டர்லயே கேட்டு வாங்கிரணும், இல்லேன்னா எல்லாம் முடிஞ்ச பொறவு வீடியோ கால்ல முதல்ல இருந்து தொடங்கணும்.